MCHC 59 என்று வந்தால்: ரத்த அணு எண்ணும் மெஷின் சொல்வதும் சொல்ல வருவதும்

லேபில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரிசல்ட்டுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஏதாவது ஃபிளாக் வந்தால் சாம்பிளை மறுபடி ஓட்டுவேன், மறுபடியும் அதே வந்தால் இன்னொரு முறை ஓட்டுவேன், மூன்றாவது முறை ஃபிளாக் போய்விட்டால் நிம்மதியாக ரிப்போர்ட்டை அனுப்பிவிடுவேன். இது எவ்வளவு தப்பு என்று புரிய ஒரு வருடம் ஆனது. ஃபிளாக் என்பது மெஷின் படும் வலி இல்லை, மருந்து கொடுத்து அமுக்குவதற்கு. "நான் அளந்ததை நான் வழக்கமாகப் புரிந்துகொள்ளும் விதத்தில் இங்கே புரிந்துகொள்ள முடியவில்லை, நீ வந்து பார்" என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்று கண்டுபிடிக்க, அது எதைத்தான் பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

மெஷின் அணுவைப் பார்ப்பதில்லை

மின்தடை முறையை உருவாக்கியவர் வாலஸ் கூல்டர், அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1953-இல். யோசனை எளிமையானது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், ரத்த அணு கிட்டத்தட்ட கடத்தாது. ஒரு சின்னத் துளை, அதற்கு இரண்டு பக்கமும் மின்முனைகள், நடுவில் மின்னோட்டம். நீர்த்த ரத்தம் துளை வழியாக உறிஞ்சப்படும்போது ஓர் அணு உள்ளே நுழைந்தால், தன் கன அளவுக்குச் சமமான உப்புக் கரைசலை அது விலக்கிவிடுகிறது, அந்தக் கணத்தில் தடை கூடுகிறது, மின்னழுத்தத்தில் ஒரு துடிப்பு எழுகிறது. எத்தனை துடிப்பு என்பது எண்ணிக்கை. துடிப்பு எவ்வளவு உயரம் என்பது அணுவின் கன அளவு. MCV என்று ரிப்போர்ட்டில் வருவது இந்த உயரங்களின் சராசரிதான், அளவுகோல் ஃபெம்டோலிட்டர், அதாவது ஒரு கன மைக்ரான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. துடிப்புக்கு முகம் கிடையாது. 90 ஃபெம்டோலிட்டர் உயரத்தில் ஒரு துடிப்பு வந்தால் அது சிவப்பணுவா, குமிழியா, தூசியா என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் எல்லைக்கோடு போடுகிறார்கள். சிவப்பணுவும் பிளேட்லெட்டும் ஒரே தொட்டியில் சேர்ந்துதான் எண்ணப்படுகின்றன. பல மெஷின்களில் ஏறத்தாழ 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் வரை வந்தால் பிளேட்லெட், 36-க்கு மேல் வந்தால் சிவப்பணு. வெள்ளையணுவுக்குத் தனித் தொட்டி. அதில் ஒரு கரைப்பான் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மிச்சம் இருப்பதில் சுமார் 35 ஃபெம்டோலிட்டருக்கு மேல் உள்ளதெல்லாம் வெள்ளையணு என்று கணக்கு. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியே வந்த ஹீமோகுளோபின் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து HGB சொல்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

ஒளிச்சிதறல் முறை இன்னும் கொஞ்சம் விவரமானது. அணுக்களை ஒவ்வொன்றாக வரிசையில் வரவைத்து லேசர் ஒளியின் குறுக்கே அனுப்புவார்கள். நேர்முகமாகச் சிதறும் ஒளி பெரும்பாலும் அணுவின் அளவைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே இருக்கும் துகள்களையும் உட்கருவின் வடிவத்தையும் சொல்லும். இதோடு நியூக்ளிக் அமிலத்தில் ஒட்டும் ஒளிரும் சாயத்தையும் சில மெஷின்கள் சேர்த்துக்கொள்கின்றன. இவற்றையெல்லாம் புள்ளிகளாக வரைந்தால் நியூட்ரோஃபில் ஒரு மேகம், லிம்போசைட் ஒரு மேகம் என்று பிரிந்து நிற்கும். மேகங்கள் சரியாகப் பிரியாவிட்டாலோ, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் புள்ளிகள் குவிந்தாலோ ஃபிளாக்.

எதையும் தொடுவதற்கு முன்: ஒருத்தருக்கா, எல்லாருக்குமா?

ஒரு சாம்பிளில் மட்டும் வினோதம் என்றால் பிரச்சினை அநேகமாக அந்த ரத்தத்தில். அடுத்தடுத்த பத்துப் பேருக்கும் MCHC, அதாவது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற எண், ஏறிக்கொண்டே போகிறது என்றால் பிரச்சினை மெஷினில், ரியேஜென்ட்டில், அல்லது துளையில். MCHC-ஐ நான் காவல்நாய் மாதிரி வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆளுக்கு ஆள் அது அதிகம் மாறாது. 32-க்கும் 36-க்கும் இடையில்தான் பெரும்பாலானவர்கள் இருப்பார்கள். அன்றைய நோயாளிகளின் சராசரி MCHC நகர்ந்தால், காலையில் ஓட்டிய கன்ட்ரோல் தேறியிருந்தாலும் நான் மெஷினை நம்ப மாட்டேன். துளையில் பாதி அடைப்பு இருந்தால் துளை சிறுத்தது போல ஆகி, அதே அணு முன்பைவிடப் பெரிய துடிப்பைக் கொடுக்கும். MCV எல்லாருக்கும் ஏறும். எண்ணிக்கைக்குப் பதில் வெறும் கோடுகள் வருவதும் பல சமயம் இதனால்தான், ஒரே சாம்பிளை மெஷின் இரண்டு மூன்று முறை எண்ணிப் பார்த்து அவை ஒத்துப்போகாமல் கைவிட்டிருக்கும். துளையைச் சுத்தம் செய்து, வெறும் கரைசலை ஓட்டிப் பின்னணி எண்ணிக்கை எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய சாம்பிள் ஒன்றை மறுபடி ஓட்டி ஒப்பிடுங்கள். இந்தப் பக்கம் இவ்வளவு போதும். மீதியெல்லாம் ஒரே சாம்பிள் அடம்பிடிக்கும் கதை.

அறிகுறி: MCHC 37-ஐத் தாண்டுகிறது

என்னைக் கேட்டால் இந்த மெஷின் கொடுக்கும் எண்களிலேயே அதிகம் கற்றுத்தரும் எண் இதுதான். சிவப்பணுவுக்குள் எவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பரம்பரையாக வரும் ஸ்ஃபீரோசைட்டோசிஸ் மாதிரி நோயில் 37, 38 வரை போகலாம். 45, 59 எல்லாம் உடம்பில் நடக்கவே முடியாது. எனவே MCHC இப்படி வந்தால் அதை உண்டாக்கிய எண்களில் ஏதோ ஒன்று பொய். எது என்பதுதான் கேள்வி.

```
HCT  = RBC × MCV ÷ 10
MCHC = HGB ÷ HCT × 100
```

மேலே HGB, கீழே HCT, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் நிரப்பும் பங்கு. அந்த HCT-யோ, பல மெஷின்களில், அளந்தது இல்லை, சிவப்பணு எண்ணிக்கையான RBC-யையும் MCV-யையும் பெருக்கி வந்தது. ஆக MCHC ஏற இரண்டே வழி: HGB பொய்யாகக் கூடியிருக்க வேண்டும், அல்லது HCT பொய்யாகக் குறைந்திருக்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு சாம்பிளை அப்படியே வைக்கிறேன். RBC 1.42, MCV 128, HCT 18.2, HGB 10.8, MCHC 59.3. மெஷின் `RBC Agglutination?` என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பையன், "அண்ணா, RBC இவ்வளவு கம்மி, MCV 128, பி12 குறைபாடா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான், தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் HGB-யைப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 14 லட்சம் சிவப்பணு மட்டுமே இருந்து, டெசிலிட்டருக்கு 10.8 கிராம் ஹீமோகுளோபினைச் சுமக்க வேண்டும் என்றால் ஒவ்வோர் அணுவும் வழக்கத்தைப் போல இரண்டரை மடங்கு சுமக்க வேண்டும். அணுவின் அளவோ வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குகூட இல்லை. பையில் கொள்ளாத சரக்கு.

இது குளிர்-ஆன்டிபாடி. உடம்புக்கு வெளியே குழாய் ஆறும்போது, இந்த ஆன்டிபாடி சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இரண்டு அணு ஒட்டிக்கொண்டு துளையில் நுழைந்தால் மெஷினுக்கு அது ஒரே துடிப்பு, உயரம் மட்டும் அதிகம். பத்து, இருபது சேர்ந்த கட்டி வந்தால் மேல் எல்லையையும் தாண்டிவிடும், சிவப்பணுக் கணக்கிலேயே வராது. அதனால் RBC விழுகிறது, MCV ஏறுகிறது. ஆனால் MCV ஏறுவது RBC விழுந்ததை ஈடுகட்டப் போதாது, பெரிய கட்டிகள் கணக்கைவிட்டே போய்விட்டனவே. HCT சரிகிறது. HGB மட்டும் ஏன் அசையவில்லை? முன்னால் சொன்னேனே, அதை அளக்கும் முன் கரைப்பான் எல்லா அணுவையும் உடைத்துவிடுகிறது. ஒட்டியிருந்தாலும் தனித்தனியாக இருந்தாலும் உடைந்த பிறகு ஹீமோகுளோபின் ஒன்றுதான். இந்த மொத்தக் கலவரத்திலும் நம்பக்கூடிய ஒரே சிவப்பணு சங்கதி HGB.

செய்ய வேண்டியது: குழாயைக் குலுக்கிக் கண்ணால் பாருங்கள், குழாய்ச் சுவரில் மணல் மாதிரி துகள் தெரிகிறதா என்று. அப்புறம் 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள், எடுத்தவுடன் நன்றாகக் கலந்து உடனே ஓட்டுங்கள். "உடனே" என்பதை நான் சும்மா சொல்லவில்லை. சூடான குழாயை ரேக்கில் வைத்துவிட்டு போன் பேசப் போனவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். நம்ம சாம்பிள் சூட்டுக்குப் பிறகு: RBC 3.52, MCV 92, HCT 32.4, HGB 10.8, MCHC 33.3. HGB ஒரு புள்ளிகூட நகரவில்லை, மற்றதெல்லாம் இடத்துக்கு வந்துவிட்டது. பி12-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சில சாம்பிள் சூட்டுக்கும் மசியாது. ஆன்டிபாடி பலமாக இருந்தால் சூட்டை இரண்டு மணி நேரம்வரை நீட்டிப் பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் கொஞ்சம் ரத்தத்தை வேறு குழாயில் எடுத்துச் சுழற்றி, பிளாஸ்மா மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு அதே மட்டத்துக்கு 37 டிகிரியில் சூடான சலைனை ஊற்றிக் கலந்து ஓட்டுங்கள். இப்படிச் செய்த பிறகு வரும் WBC-யையும் PLT-யையும் எழுதாதீர்கள், பிளாஸ்மாவோடு பிளேட்லெட்டும் போயிருக்கும். அவற்றை முதல் ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே MCHC, ஆனால் RBC-யும் MCV-யும் ஒழுங்காக இருக்கின்றன

அப்படியென்றால் சந்தேகம் HGB மேல் திரும்ப வேண்டும். இன்னொரு சாம்பிள்: RBC 4.20, MCV 88, HCT 37.0, HGB 16.9, MCHC 45.7. சிவப்பணு பக்கம் எந்தக் குறையும் இல்லை. HCT-ஐ மூன்றால் வகுத்தால் HGB கிட்டத்தட்ட வர வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு, அணுக்கள் சாதாரண அளவில் இருந்தால் அது பலிக்கும். 37-ஐ மூன்றால் வகுத்தால் 12.3. மெஷின் சொல்வதோ 16.9. நாலரை கிராம் எங்கிருந்து வந்தது?

குழாயைக் கொஞ்சம் நிற்கவிட்டால் பதில் தெரியும். பிளாஸ்மா பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன, மெஷினோ வராத ஒளியெல்லாம் ஹீமோகுளோபின் உறிஞ்சியது என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே சூடு பண்ணுவதில் பயனில்லை, அணுக்களிடம் ஒரு கோளாறும் இல்லை. சாம்பிளைச் சுழற்றி, பிளாஸ்மாவை மட்டும் எடுத்து அதையே ஒரு சாம்பிளாக மெஷினில் ஓட்டுங்கள். அதில் வரும் HGB முழுக்கப் பொய். ஆனால் அதை அப்படியே கழிக்கக் கூடாது, ரத்தத்தில் பிளாஸ்மா ஒரு பங்குதானே.

```
சரியான HGB = HGB − பிளாஸ்மா HGB × (1 − HCT)
16.9 − 6.5 × (1 − 0.37) = 12.8
```

12.8 வைத்து MCHC போட்டால் 34.6. சரி, இப்போது நம்பலாம். HCT-ஐ சதவீதமாகப் போடாமல் பின்னமாகப் போட வேண்டும் என்பதில் தவறு நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. விடை நூற்றுக்கணக்கில் வந்ததால் பிழைத்தேன். வெள்ளையணு லட்சக்கணக்கில் இருக்கும் ரத்தப் புற்றுநோய் சாம்பிளிலும் கலங்கல் இப்படி HGB-யை ஏற்றிவிடும். அங்கே பிளாஸ்மாவைக் கழிப்பது உதவாது, கலங்கல் அணுக்களால் வருவது. நீர்க்கவைத்து ஓட்டிப் பெருக்குவதுதான் வழி.

மூன்றாவதாக ஒன்று: MCHC 38 மாதிரி கொஞ்சமாக மட்டும் கூடியிருக்கிறது, பிளாஸ்மா சிவந்திருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்திருக்கலாம். உடைந்த அணு RBC-யில் வராது, அதன் ஹீமோகுளோபின் மட்டும் HGB-யில் வந்துவிடும். கணக்குப் போட்டுத் திருத்த முயலாதீர்கள், வேறு சாம்பிள் கேளுங்கள். ஆனால் புதிதாக எடுத்ததிலும் பிளாஸ்மா சிவப்பாகவே இருந்தால் உடம்புக்குள்ளேயே அணு உடைகிறது என்று அர்த்தம், அதை டாக்டரிடம் போனில் சொல்ல வேண்டும், ரிப்போர்ட் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிளாஸ்மா தெளிவாக இருந்து, எல்லா எண்ணும் பொருந்தி, MCHC 37 அளவில் நின்றால் ஸ்லைடு போட்டு ஸ்ஃபீரோசைட் தேடுங்கள். அது நிஜமாகவே கூடிய MCHC.

அறிகுறி: PLT 46,000, நோயாளிக்கு ஒரு சொட்டு ரத்தக்கசிவும் இல்லை

பக்கத்தில் `PLT Clumps?` இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது, இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

இங்கே நடப்பதும் முன்னால் பார்த்ததுதான், ஆள் மட்டும் வேறு. சிலருடைய ரத்தத்தில், ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் போட்டிருக்கும் இ.டி.டி.ஏ.வே பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கிறது. உடம்புக்குள் அவை நன்றாகத்தான் இருக்கின்றன, குழாயில்தான் வம்பு. ஒட்டிய கட்டி 20 ஃபெம்டோலிட்டரைத் தாண்டிவிட்டால் பிளேட்லெட் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. ஆனால் கட்டி எங்கேயாவது போக வேண்டுமே? வெள்ளையணுத் தொட்டியில் சிவப்பணுவை உடைக்கும் கரைப்பானுக்குப் பெரிய கட்டிகள் முழுசாகக் கரைவதில்லை, அவை 35-க்கு மேல் இருந்தால் வெள்ளையணுவாக எண்ணப்படும். அதனால் பிளேட்லெட் குறைந்து, கூடவே WBC கொஞ்சம் ஏறியிருந்தால், எனக்கு ஃபிளாக் தேவையே இல்லை. ஹிஸ்டோகிராமில் இரண்டு இடம் பாருங்கள்: பிளேட்லெட் வளைவின் வலது வால் அடிக்கோட்டைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், வெள்ளையணு வளைவின் இடது ஓரம், 35-க்குப் பக்கத்தில், பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் மேலேயே தொடங்கும். இரண்டும் ஒரே கட்டிகளின் இரண்டு முனைகள்.

வரிசை இதுதான். முதலில் ஒரு குச்சியை விட்டுக் குழாயில் உறைகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லா எண்ணும் வீண், புது சாம்பிள் கேளுங்கள், மேலே எதுவும் யோசிக்க வேண்டாம். உறைகட்டி இல்லையென்றால் ஸ்லைடு. ஸ்மியரின் நடுவில் பார்த்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், கட்டிகள் ஓரத்துக்கு, இறகு மாதிரி மெலியும் முனைக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்கும். அங்கே பத்து இருபதாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. நியூட்ரோஃபிலைச் சுற்றி மாலை போட்டது மாதிரி பிளேட்லெட் ஒட்டியிருப்பதும் உண்டு, அதற்குப் பெரும்பாலும் ஃபிளாக் வராது.

அடுத்து சிட்ரேட் குழாயில் புதிதாக ரத்தம் எடுத்து, ஆற விடாமல் ஓட்ட வேண்டும். நான் சொன்ன 46,000 சாம்பிளில் WBC 11,800 இருந்தது. சிட்ரேட்டில் PLT 1,74,000, WBC 7,800. சிட்ரேட் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருக்கிறது, அதனால் இரண்டையும் 1.1-ஆல் பெருக்க வேண்டும்: பிளேட்லெட் 1,91,000, வெள்ளையணு சுமார் 8,600. பார்த்தீர்களா, பிளேட்லெட் ஏறியதோடு WBC-யும் இறங்கிவிட்டது. அந்த மூவாயிரம் "வெள்ளையணு" உண்மையில் பிளேட்லெட் கட்டிகள்.

சிட்ரேட் எல்லாருக்கும் வேலை செய்யாது, அதிலும் ஒட்டும் ரத்தம் இருக்கிறது. அப்போது எடுத்த கையோடு, சில நிமிடத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம், ஒட்டுவது நேரம் போகப்போக அதிகமாகும் சங்கதி. அதுவும் முடியாவிட்டால் எண்ணே கொடுக்காமல் "கட்டிகள் உள்ளன, ஸ்லைடில் போதிய அளவு தெரிகிறது" என்று எழுதுவது 46,000 என்று எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்த 46,000-ஐ நம்பி ஓர் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, பிளேட்லெட் ஏற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

கட்டி இல்லை, ஆனாலும் PLT நம்பும்படி இல்லை

ஸ்லைடில் பெரிய பெரிய பிளேட்லெட்டுகள், சில சிவப்பணு அளவுக்கே. இவை எல்லைக்கோட்டைத் தாண்டி சிவப்பணு பக்கம் போய்விட்டவை, கணக்கு குறையும். இதற்கு நேர் எதிர்: MCV 58, PLT 5,20,000. சிவப்பணுக்கள் இவ்வளவு சிறுத்துப்போனால் அவற்றில் சின்னதும் உடைந்த துணுக்குகளும் பிளேட்லெட் எல்லைக்குள் நுழைந்துவிடும். அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது, மின்தடை முறையின் எல்லை அதுதான். ஒளி முறையில், அதிலும் சாயம் போட்டு எண்ணும் வழி மெஷினில் இருந்தால், இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும், ஏனென்றால் பிளேட்லெட்டுக்குள் சாயம் ஏறும், சிவப்பணுத் துணுக்குக்குள் ஏறாது. அந்த வசதி இல்லாதவர்கள் ஸ்லைடில் நூறு மடங்கு லென்ஸில் பத்து இடம் பார்த்துச் சராசரி எடுத்து, ஓர் இடத்துக்கு ஒரு பிளேட்லெட் என்றால் சுமார் 15,000 முதல் 20,000 என்று மதிப்பிடலாம். முரட்டுக் கணக்குதான், ஆனால் 5,20,000-ஆ 3,00,000-ஆ என்று சொல்ல அது போதும்.

அறிகுறி: WBC கூடுதல், `NRBC?` அல்லது `Blasts?`

`NRBC?` என்றால் உட்கரு உள்ள சிவப்பணு இருக்கலாம் என்று அர்த்தம். கரைப்பான் அதன் சவ்வை உடைத்துவிடும், உட்கரு மட்டும் மிஞ்சும், அது சின்ன லிம்போசைட் மாதிரி எண்ணப்பட்டுவிடும். ஸ்லைடில் நூறு வெள்ளையணு எண்ணும்போது கூடவே எத்தனை உட்கரு உள்ள சிவப்பணு வருகிறது என்று எண்ணித் திருத்த வேண்டும்:

```
சரியான WBC = WBC × 100 ÷ (100 + NRBC)
24,000 × 100 ÷ 160 = 15,000
```

ஒரு எச்சரிக்கை. இப்போதைய பல மெஷின்கள் இவற்றைத் தனியாக எண்ணித் தாங்களே கழித்துவிடுகின்றன. உங்கள் மெஷின் எந்த ரகம் என்று பார்க்காமல் மேலே உள்ள கணக்கைப் போட்டால் இரண்டு தடவை கழித்தவர்கள் ஆவீர்கள், நல்ல WBC-யை நீங்களே குறைத்துவிடுவீர்கள். இன்னொன்று, பிறந்த குழந்தையின் ரத்தத்திலும் சில ஹீமோகுளோபின் கோளாறுகளிலும் சாதாரண சிவப்பணுவே கரைப்பானுக்கு மசியாமல் நிற்கும். ஸ்லைடில் உட்கரு உள்ள சிவப்பணு ஒன்றுகூட இல்லை, WBC மட்டும் ஸ்லைடோடு பொருந்தாமல் எகிறுகிறது என்றால் இதை நினையுங்கள், கரைக்கும் நேரத்தை நீட்டும் வசதி இருந்தால் அதில் ஓட்டுங்கள்.

`Blasts?` என்றால் ரத்தப் புற்றுநோயில் தெரியும் முதிராத அணு இருக்கலாம் என்று அர்த்தம், பார்த்தவுடன் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். மெஷின் பிளாஸ்ட் எதையும் பார்க்கவில்லை. மேகங்கள் வழக்கமாக இல்லாத ஓர் இடத்தில் புள்ளிகள் விழுந்திருக்கின்றன, அங்கே பிளாஸ்ட் விழுவதும் உண்டு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வைரஸ் காய்ச்சலில் கிளர்ந்த லிம்போசைட்டுகளும் அதே இடத்துக்கு வரும். அதனால் இந்த ஃபிளாக்கோடு மெஷின் கொடுக்கும் பிரிவு விகிதத்தை ரிப்போர்ட்டில் போடவே கூடாது, ஸ்லைடு பார்த்தவர் எண்ணியதுதான் போக வேண்டும். ஓட்டியதில் ஃபிளாக் வந்து, மறுபடி ஓட்டியதில் வராமல் போனாலும் ஸ்லைடு உண்டு. முதல் தடவை அந்தப் புள்ளிகள் சும்மா வந்துவிடவில்லை.

ஆனால் ஸ்லைடு போடுவதற்கும் முன்னால் ஒன்று பாருங்கள், குழாயில் எழுதியிருக்கும் நேரம். ஒரு நாளுக்கு மேல் வெளியில் கிடந்த ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் சிதையத் தொடங்கும், மேகங்கள் கரைந்து ஒன்றோடொன்று கலக்கும், `Left Shift?` முதல் `Blasts?` வரை எது வேண்டுமானாலும் வரும். சிவப்பணுக்களும் மெல்ல ஊதிப்போய் MCV ஏறி MCHC இறங்கியிருக்கும், இது நல்ல துப்பு. ஒரு தடவை ஒரே ரேக்கில் ஆறு பேருக்கு `Left Shift?` வந்து நாங்கள் ரியேஜென்ட்டை மாற்றிக்கொண்டிருந்தோம். அந்த ஆறு குழாயும் முந்தின நாள் காலையில் எடுத்து, வழியில் எங்கேயோ ஒரு பெட்டியில் மறந்துபோனவை.